நண்பகலில் இரண்டாம் அரங்கு

செல்லக்கிளிக்குப் பயம் புதிதல்ல. மந்தாரக்குப்பத்தில் குடியிருக்கும் அவளுக்கு நாற்பத்தோரு வயது. நெய்வேலி டவுன்ஷிப்பில் ஓய்வுபெற்ற சுரங்கப் பொறியாளர்கள் சேர்ந்து நடத்திய பாதுகாப்பு மன்றம் ஒன்றில் பதினோரு வருடமாகத் தட்டச்சு வேலை பார்த்தாள். வேலை கான்ட்ராக்ட். ஒவ்வொரு ஏப்ரலிலும் ஒரு கடிதம் வரும். வந்தால் இன்னும் ஒரு வருடம். பிப்ரவரி பிறந்துவிட்டாலே அவளுக்குச் சோறு இறங்காது. அப்பா, அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். மறுநாள் கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று ஆண்டையின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் பழக்கம் அந்த வீட்டில் எல்லோருக்கும் இருந்தது. அவளுக்கு அது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த பிறகும் போகவில்லை.

அவள் புருஷன் விஜயராஜ் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பக்கம் கான்ட்ராக்ட் ஆள். மகள் அபி பன்னிரண்டாவது படித்தாள். இரண்டு சம்பளமும் சேர்ந்தால்தான் வீடு ஓடும். ஆகையால் ஆபீசில் செல்லக்கிளி யாரையும் எதிர்த்துப் பேசியதில்லை, எதையும் இரண்டாவது தடவை கேட்டதுமில்லை.

மன்றத்தின் செயலாளர் வைத்திலிங்கம். அறுபத்தெட்டு வயது, நிமிர்ந்த உடம்பு, நல்ல தமிழ். எதை எழுதினாலும் கட்டுரை போலத்தான் எழுதுவார். மின்விசிறி ஓடவில்லை என்று எலெக்ட்ரீஷியனுக்குக் குறிப்பு எழுதினாலும் அதில் ஒரு முன்னுரை இருக்கும். கெட்டவர் அல்ல. ஆனால் அவர் எழுத்தில் யாராவது கைவைத்தால் தாங்கமாட்டார். செல்லக்கிளிக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த சரிதா ஒரு அழைப்பிதழில் நீளமான வாக்கியம் ஒன்றை இரண்டாக வெட்டிவிட்டாள். அந்த ஏப்ரலில் சரிதாவுக்குக் கடிதம் வரவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று யாருக்கும் தெரியாது. செல்லக்கிளிக்கு மட்டும் சந்தேகமே இல்லை.

அந்த வருடம் மன்றம் ஒருநாள் மாநாடு கூட்டியது. சனிக்கிழமை மாநாடு. புதன்கிழமை காலையில் வைத்திலிங்கம் ஒன்பது பக்கம் கையெழுத்துப் பிரதியை அவள் மேசையில் வைத்தார். மாநாட்டு நிகழ்ச்சி நிரல் முழுவதும் அதில் இருந்தது, உரைநடையாக. இதை அட்டவணை ஆக்கவேண்டும் என்றார். நேரம், அரங்கம், தலைப்பு, பேச்சாளர் என்று நான்கு பத்தி. அதையே அட்டையாக அச்சடிப்பது, அதையே மூன்று அரங்கு வாசலிலும் ஒட்டுவது, அதையே பேச்சாளர்களுக்கு வாட்ஸப்பில் அனுப்புவது.

"நான் எழுதினதுல எதையும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்மா. கட்டத்துல போட்டாப் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செல்லக்கிளி பென்சிலை எடுத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள். படிக்க அழகாக இருந்தது. கட்டத்தில் போடத்தான் வழியில்லை. காலை ஒன்பதரைக்கு முதல் அரங்கில் தொடக்க விழா என்று இருந்தது. அது ஒரு மணி நேரம் நடக்கும் என்பது அடுத்த பக்கத்தில் இருந்தது. தேநீருக்குக் கால் மணி நேரம் என்று இருந்தது. எத்தனை மணிக்குத் தேநீர் என்று இல்லை. அவள் தாளின் ஓரத்தில் கூட்டிக் கூட்டி எழுதினாள். ஒன்பதரையும் ஒன்றும் பத்தரை. கால் மணி தேநீர், பத்தே முக்கால். இப்படி ஒவ்வொன்றும் முந்தையதன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஒன்றில் தவறினால் பின்னால் வருகிறதெல்லாம் தவறும்.

முதல் தடவை படிக்கும்போது மணி வரும் இடங்களில் எல்லாம் அடிக்கோடு போட்டாள். இரண்டாவது தடவை பெயர்களைச் சுற்றி வட்டம் போட்டாள். சில அமர்வுகளில் இரண்டு பெயர் இருந்தது. ஒருவர் பேசுபவர், மற்றவர் தலைமை தாங்குபவர். தலைமைக்குப் பத்தி இல்லை. பேச்சாளர் கட்டத்தில் போட்டால் அவர்தான் பேசுகிறார் என்று ஆகிவிடும். போடாமல் விட்டால் குறைத்ததாக ஆகிவிடும். யோசித்து யோசித்து, பேச்சாளர் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் 'தலைமை' என்று எழுதிப் பெயரைப் போட்டாள்.

மூன்றாம் பக்கத்தில் வந்து நின்றுவிட்டாள். அங்கே இப்படி இருந்தது: 'தேநீருக்குப் பின் முதல் அரங்கில் முனைவர் மதிவாணன் மழைக்காலத்தில் சுரங்கச் சரிவுகளைக் காப்பது குறித்து ஒரு மணி நேரம் உரையாற்ற, அதே வேளையில் இரண்டாம் அரங்கில் பொறியாளர் சக்கரபாணி ஓடும் பெல்ட்டின் அருகே வேலை செய்வது குறித்து அனுபவங்களைப் பகிர்வார். உரை முடிந்து கால் மணி இடைவெளிக்குப் பின் அங்கேயே திருமதி ராஜாம்பாள், விபத்துக்குப் பின் ஒரு குடும்பம் என்னும் பொருளில் பேசுவார்.'

நேரம் பிரச்சினை இல்லை. பத்தே முக்காலும் ஒரு மணியும் பதினொன்றே முக்கால். கால் மணி சேர்த்தால் பன்னிரண்டு. அரங்குதான் தெரியவில்லை. அங்கேயே என்றால் எங்கே? முதல் அரங்கா, இரண்டாவதா? எந்த உரை முடிந்து?

கேட்டுவிட்டால் தீர்ந்துபோகும் விஷயம். அவள் எழுந்து செயலாளர் அறை வரைக்கும் போனாள். உள்ளே வைத்திலிங்கம் போனில் யாரிடமோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். பந்தல்காரன் வராததற்கோ என்னவோ கோபம். அவர் நிமிர்ந்து இவளைப் பார்த்தார். என்ன என்று கண்ணாலேயே கேட்டார். ஒன்றும் இல்லை என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள். எழுதினதுகூடப் புரியவில்லையா என்று கேட்டுவிட்டால்? பிப்ரவரி மாதம் வேறு.

உட்கார்ந்து மறுபடியும் படித்தாள். கடைசியாகச் சொன்னது இரண்டாம் அரங்கு. அங்கே என்றால் கடைசியாகச் சொன்ன இடமாகத்தானே இருக்கும். பன்னிரண்டு மணி, இரண்டாம் அரங்கம், விபத்துக்குப் பின் ஒரு குடும்பம், திருமதி ராஜாம்பாள். தட்டிவிட்டாள். தட்டி முடித்த பிறகு அந்த வரியும் மற்ற வரிகளைப் போலவே இருந்தது. மற்றவை அவர் எழுதியவை, இது மட்டும் அவள் ஊகித்தது என்பதற்கு அந்தக் கட்டத்தில் அடையாளமே இல்லை.

ஏழாம் பக்கத்தில் இன்னொன்று இருந்தது. மாநாட்டின் நோக்கம் பற்றிய நீண்ட பத்தி ஒன்றின் நடுவே, 'அன்று நண்பகலில் இரண்டாம் அரங்கில் தீயணைப்புக் குழுவினர் செயற்கைப் புகை பரப்பி, ஒரு வழி அடைபட்ட நிலையில் உள்ளிருக்கும் இருபது பயிற்சியாளர்களை வெளியேற்றும் முறையைச் செய்து காட்டுவர்' என்று எழுதியிருந்தார். மணியை எண்ணால் எழுதவில்லை. அதனால் அடிக்கோடு விழவில்லை. பேச்சாளர் இல்லை, அதனால் வட்டமும் விழவில்லை. அவள் அதைப் படிக்காமல் இல்லை. படித்தாள். பேசுகிறவர் இல்லை, தலைப்பு இல்லை, இது அட்டவணைக்கு உரியதல்ல, ஏற்பாட்டுக் குறிப்பு என்று விட்டுவிட்டாள். நண்பகல் என்றால் பன்னிரண்டு மணி என்பது அந்தச் சமயத்தில் அவளுக்கு உறைக்கவில்லை.

சாயங்காலம் அட்டவணையை எடுத்துப்போய் வைத்திலிங்கத்திடம் நீட்டினாள். அவர் மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தார். கட்டங்கள் நேராக இருந்தன, பெயர்களில் எழுத்துப் பிழை இல்லை.

"எழுதினபடியே இருக்கில்ல?"

"இருக்குங்க ஐயா."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்த 'இருக்குங்க ஐயா' வீட்டுக்குப் போகும்வரை அவளைக் குத்திக்கொண்டே இருந்தது. வியாழக்கிழமை மந்தாரக்குப்பத்து அச்சகத்தில் இருநூறு அட்டை அடித்து வாங்கினாள். வெள்ளிக்கிழமை வாட்ஸப்பில் எல்லாப் பேச்சாளர்களுக்கும் அனுப்பினாள். எல்லோரும் கும்பிடு படம் போட்டுப் பதில் அனுப்பினார்கள். ராஜாம்பாளுக்கு மட்டும் வாட்ஸப் இல்லை. போன் செய்து சொன்னாள். எந்த ஹால், எத்தனை மணி என்று அந்த அம்மாள் மூன்று தடவை கேட்டுக்கொண்டாள். மூன்று தடவையும் செல்லக்கிளி இரண்டாவது ஹால் என்றே சொன்னாள். சொல்லச் சொல்ல அதுவே உண்மை என்று அவளுக்கும் ஆகிவிட்டது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே மண்டபத்துக்குப் போய்விட்டாள். அட்டவணைகளை மூன்று வாசலிலும் ஒட்டினாள். கூட வேலை செய்யும் வளர்மதி முன்மேசையில் அட்டைகளைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தொடக்க விழா ஒன்பதரைக்குச் சரியாக ஆரம்பித்தது. தேநீர் பத்தரைக்கு வந்தது. கட்டத்தில் போட்டபடி எல்லாம் நடப்பதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

பதினொன்றரைக்கு ராஜாம்பாள் வந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். முழங்கால் வலியால் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தாள். பண்ருட்டிப் பக்கத்து ஊர். எங்கோ வெளியூரில் ஒரு கட்டட வேலையில் சாரம் சரிந்து அவள் புருஷன் செத்து ஆறு வருடம் ஆகியிருந்தது. மேடையில் இதற்கு முன்னால் பேசியதே இல்லை என்றும், கை நடுங்குகிறது என்றும் சொன்னாள்.

"எனக்கும் எப்பவும் நடுங்கும்மா. நீங்க நடந்ததைச் சொல்லுங்க, போதும்" என்றாள் செல்லக்கிளி.

சக்கரபாணியின் உரை முடிந்து கூட்டம் இடைவெளிக்குக் கலைந்ததும், ராஜாம்பாளை இரண்டாம் அரங்குக்குள் கூட்டிக்கொண்டுபோய் முதல் வரிசையில் உட்காரவைத்தாள். படி ஏறி இறங்க வேண்டாம் என்று மேடைக்குப் பக்கத்திலேயே. தண்ணீர் பாட்டில் ஒன்று வாங்கிக் கையில் கொடுத்தாள். அதற்குள் முப்பது, முப்பத்தைந்து பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பின்கதவுப் பக்கம் காக்கி உடுப்பில் இரண்டு பேர் பெட்டி போன்ற ஒன்றை வைத்துவிட்டுப் போனதை அவள் பார்த்தாள். ஒலிபெருக்கிக்காரர்கள் என்று நினைத்தாள்.

முன்மேசைக்குத் திரும்பி வந்தபோது பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. வாசலில் நீலச் சட்டை போட்ட பயிற்சி மாணவர்கள் இருபது பேர் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். எங்களை எங்கே உட்காரச் சொன்னார்கள் என்று அவர்களில் ஒரு பெண் வளர்மதியைக் கேட்டாள். எதற்கு என்று வளர்மதி கேட்டாள். புகைப் பயிற்சிக்கு, இரண்டாவது ஹாலில், பன்னிரண்டு மணிக்கு என்று அந்தப் பெண் சொன்னாள். அட்டவணையில் அது இல்லாததால் இடம் தெரியாமல் வெளியே நிற்கிறோம் என்றாள்.

செல்லக்கிளிக்கு ஏழாம் பக்கம் அப்படியே கண் முன்னால் வந்தது. நண்பகலில் இரண்டாம் அரங்கில். ஒரு வழி அடைபட்ட நிலையில். வளர்மதி ஏதோ சொல்வது தெரிந்தது, கேட்கவில்லை. அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். யாரிடமாவது சொல்லவேண்டும். சொன்னால் யார் இப்படிப் போட்டது என்று கேட்பார்கள். இந்த நினைப்பு அந்த நேரத்திலும் வந்தது என்பதை அவள் பிறகு தன்னிடமே மறைக்கவில்லை. எத்தனை நொடி அப்படி நின்றாளோ. பிறகு ஓடினாள்.

நடைபாதையின் திருப்பத்தில் தீயணைப்புக் குழுவின் தலைவர் இசக்கிமுத்து வாக்கி-டாக்கியோடு நின்றார். தெற்கத்திக்காரர், டவுன்ஷிப்பில் இருபது வருடமாக இருக்கிறார். அவளுக்கு மூச்சு வாங்கியது. நிறுத்துங்கள் என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை.

"எதைம்மா நிறுத்தணும்?"

"உள்ள இருக்கறவங்க பயிற்சிக்காரங்க இல்லீங்க. கேக்க வந்த ஜனங்க. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

அவர் முகம் மாறியது. ஆள்கள் உட்கார்ந்திருப்பதை அவருடைய குழு பார்த்திருந்தது. பயிற்சிக்காக உட்காரவைத்தவர்கள் என்றே நினைத்திருந்தது. அவர் வாக்கி-டாக்கியை வாய்க்குக் கொண்டுபோகும்போதே சைரன் ஒலித்தது. சரியாகப் பன்னிரண்டு மணிக்கு. அவர்கள் நேரம் தவறாத ஆட்கள்.

செல்லக்கிளி முன்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். பின்பக்கமிருந்து வெள்ளைப் புகை தரையோடு பரவி எழும்பிக்கொண்டிருந்தது. அது மூச்சை நிறுத்தும் புகை அல்ல, நாடக மேடையில் விடுகிற மாதிரிப் புகைதான். ஆனால் உள்ளே இருந்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? பாதிப் பேர் பின்கதவை நோக்கி ஓடினார்கள்; அது பயிற்சிக்காக வெளியே பூட்டியிருந்தது. கதவை அறையும் சத்தம் கேட்டது. நாற்காலிகள் சரிந்தன. யாரோ ஒருவர் தடுக்கி விழுந்தார். முதல் வரிசையில் ராஜாம்பாள் எழுந்திருக்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து, சத்தம் வராமல் உட்கார்ந்திருந்தாள்.

செல்லக்கிளி மேடையிலிருந்த மைக்கை எடுத்தாள். அவள் அதுவரை மைக்கில் பேசியதில்லை.

"பயப்படாதீங்க. இது பயிற்சிக்கு வுட்ட புகைங்க, நெருப்பு இல்ல. முன்கதவு தொறந்துகினு இருக்கு. ஓடாம, இந்தப் பக்கமா வாங்க."

குரல் அவளுடையது போலவே இல்லை. இன்னொரு தடவை சொன்னாள். இன்னொரு தடவை. பின்கதவை அறைந்துகொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். சைரன் நின்றது; இசக்கிமுத்துவின் ஆட்கள் இயந்திரத்தை நிறுத்திப் பின்கதவையும் திறந்துவிட்டார்கள். புகை வெளியே இழுபட்டுப் போனது. செல்லக்கிளி ராஜாம்பாளின் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி, அடிமேல் அடியாக வெளியே கொண்டுவந்தாள். அந்த அம்மாள் உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது. இரண்டு நடுக்கத்தில் எது யாருடையது என்று தெரியவில்லை.

விழுந்தவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. ஒரு பெரியவருக்கு இருமல் அடங்கப் பத்து நிமிடம் ஆனது. மற்றபடி யாருக்கும் ஒன்றும் இல்லை.

பக்கத்து அறையில் வைத்திலிங்கம், இசக்கிமுத்து, மதிவாணன் மூன்று பேரும் கூடினார்கள். இரண்டாம் அரங்கில் யார் இந்த அம்மாவைப் போட்டது என்று வைத்திலிங்கம் கேட்டார். அவர் கையில் அச்சடித்த அட்டை இருந்தது. வாசலில் நின்ற செல்லக்கிளி உள்ளே வந்தாள். ஏப்ரல் கடிதம் இனி வராது என்று அவளுக்கு முடிவாகத் தெரிந்தது. அபி இனிமேல் சேரவேண்டிய கல்லூரி நினைவுக்கு வந்தது. பொய் சொல்லலாம் என்றும் ஒரு நினைப்பு வந்தது: அச்சகத்தில் மாற்றிவிட்டார்கள் என்று சொல்லலாம். வாயைத் திறந்தபோது அது வரவில்லை.

"நான்தாங்க ஐயா. அங்கேயேன்னு எழுதியிருந்தீங்க. எந்த அரங்குன்னு தெரியல. கேக்கப் பயந்துகினு நானே போட்டுட்டேன். புகைப் பயிற்சியையும் நான்தான் வுட்டுட்டேன். பேசறவங்க பேர் இல்ல, அதனால கட்டத்துக்கு வராதுன்னு நெனச்சேங்க."

வைத்திலிங்கம் பையிலிருந்து அந்த ஒன்பது பக்கத்தை எடுத்தார். மூன்றாம் பக்கத்தைப் புரட்டி, உதடு அசையப் படித்தார். ஒரு தடவை முடித்துவிட்டு மறுபடியும் மேலிருந்து ஆரம்பித்தார். பிறகு ஏழாம் பக்கம். அவர் எழுதும்போது அவர் மனதில் மதிவாணனின் முதல் அரங்குதான் இருந்தது. சக்கரபாணியின் உரை வாக்கியத்தின் ஓட்டத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. அவருக்கு அது தெரியும். தாளுக்குத் தெரியவில்லை. அவர் விரல் 'அங்கேயே' என்ற சொல்லின்மேல் நின்றுவிட்டது.

"நானே படிச்சாலும் ரெண்டாவது அரங்குன்னுதான் வருது" என்றார் கடைசியில். குரல் தாழ்ந்திருந்தது. "ஆனா நீ கேட்டிருக்கணும்மா."

"ஆமாங்க ஐயா."

"கேக்கற மாதிரி நான் இருந்தேனான்னு நீ சொல்லமாட்டே."

இசக்கிமுத்து, தங்கள் குழுவும் உள்ளே இருந்தவர்களை ஒரு வார்த்தை விசாரித்திருக்க வேண்டும் என்று ஒத்துக்கொண்டார். கூடவே, பேச்சாளர் இல்லாவிட்டாலும் ஒரு அறையை ஒரு நேரத்தில் அடைத்துக்கொள்கிற எதுவாக இருந்தாலும் அது கட்டத்தில் வரவேண்டும், பேச்சாளர் இடம் காலியாக இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். அடுத்து என்ன செய்வது என்று பேசினார்கள். ராஜாம்பாளின் பேச்சு முதல் அரங்கில் இரண்டேகாலுக்கு. அங்கே இருந்த அமர்வு அரைமணி தள்ளி. செல்லக்கிளி மூன்று வாசலுக்கும் போய், பழைய வரியை அடித்துவிட்டுக் கையாலேயே புதியதை எழுதினாள். எழுதுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும், நேரம் இது, அரங்கு இது என்று வைத்திலிங்கத்திடம் வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார்.

ராஜாம்பாள் இனிப் பேசுவாளா என்று அவர்களுக்கே சந்தேகமாக இருந்தது. வீட்டுக்குப் போகிறீர்களா, வண்டி ஏற்பாடு செய்கிறோம் என்று கேட்டார்கள். வந்தது வந்துவிட்டேன், பேசிவிட்டே போகிறேன் என்றாள். இரண்டேகாலுக்கு மேடையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். எழுதி வைத்திருந்த தாளை அவள் பிரிக்கவே இல்லை.

"பன்னண்டு மணிக்கு அந்த ஹால்ல குந்திக்கினு இருந்தேன். புகை வந்திச்சி. வெளிய இருந்தவங்களுக்குத் தெரிஞ்ச புகைதானாம், உள்ள இருந்த எங்களுக்கு யாரும் சொல்லல. எங்க வூட்டுக்காரருக்கும் அப்பிடித்தான். அந்தச் சாரம் ஆட்டம் குடுக்குதுன்னு ரெண்டு பேருக்குத் தெரியும். மேஸ்திரி திட்டுவாருன்னு சொல்லல. அவங்க நல்லவங்கதான். சாவுக்கு வந்து அழுதாங்க. பயந்துகினு இருந்துட்டாங்க, அவ்ளோதான்."

செல்லக்கிளி கதவோரம் நின்று கேட்டாள். நண்பகலில் புகைக்குள் போனபோதுகூட அவளுக்கு அவ்வளவு பயமாக இருக்கவில்லை. அந்த அம்மாளுக்குத் தன்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. தன்னைக் குத்திப் பேசவில்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. பேச்சு முடிந்ததும் போய், அந்த ஹாலைத் தப்பாகப் போட்டது நான்தான் என்று சொன்னாள்.

"நீதான உள்ள வந்து தூக்குன" என்றாள் ராஜாம்பாள். "மொதல்லயே கேட்டிருந்தா இவ்ளோ ஓடியிருக்க வேணாம்." அவ்வளவுதான் சொன்னாள். மன்னித்தேன் என்றோ மன்னிக்கவில்லை என்றோ சொல்லவில்லை. பண்ருட்டி பஸ்சுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டாள்.

அடுத்த வாரம் மன்றக் குழு அவளிடம் எழுத்தில் விளக்கம் கேட்டது. நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தாள். வைத்திலிங்கம் அதோடு தன் பங்குக்கு இரண்டு பக்கம் எழுதி இணைத்தார் என்று வளர்மதி சொன்னாள். அதில் என்ன இருந்தது என்று செல்லக்கிளிக்குத் தெரியாது. பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் அவள் இளைத்துப்போனாள். வீட்டில் விஜயராஜ், போனால் போகிறது, வேறு வேலை இல்லாமலா போய்விடும் என்று தேற்றினான். சொல்லும்போது அவன் குரலும் உறுதியாக இல்லை. ஏப்ரலில் கடிதம் வந்தது. ஒரு வருடத்துக்கு அல்ல, ஆறு மாதத்துக்கு. அக்டோபரில் மறுபடியும் ஆறு மாதம். அவள் பயம் குறைந்தது என்று சொல்லமுடியாது. வருடத்துக்கு ஒரு தடவை வந்துகொண்டிருந்தது இப்போது இரண்டு தடவை வருகிறது.

வைத்திலிங்கமும் மாறிவிடவில்லை. அடுத்த மாநாட்டுக்கு ஏழு பக்கம் எழுதிக் கொடுத்தார், அதே அழகான நீண்ட வாக்கியங்களில். செல்லக்கிளி அதைப் பத்திப் பத்தியாக வெட்டி, எந்த அறையை எது எப்போது பிடித்துக்கொள்கிறது என்று முதலில் பார்த்தாள், அப்புறம்தான் பெயர்கள். மதியச் சாப்பாட்டுக்கும் ஒரு வரி, நாற்காலி மாற்றிப்போடுவதற்கும் ஒரு வரி போட்டாள். தாளில் சொல்லாத எதையும் அவளாக நிரப்பவில்லை. அட்டவணை முடிந்தபோது பதினொரு கட்டங்கள் காலியாக இருந்தன. அதை அப்படியே கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள். பயம் பழையபடியே இருந்தது.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு காலிக் கட்டமாகப் பார்த்தார். பேனாவை எடுத்து ஒன்பதை நிரப்பினார். மீதி இரண்டு தனக்கே தெரியாது, அந்தப் பேச்சாளர்களையே கேட்டுவிடு என்றார். அவள் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள்.